ரூ.2,416.64: ஒரு பில்லும் இரண்டு புகார்க் கடிதங்களும்

புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிப் பக்கம் இறைச்சி எடுத்துக் கடைகளுக்குப் போடுகிறவர்களுக்குத் தராசுக்கு அடுத்த முக்கியமான சாமான் செல்போன்தான். ஆர்டர் எல்லாம் அதில்தான் வரும். கடைக்காரர்கள் எல்லோரிடமும் அந்த எண்தான் இருக்கிறது. ஆகவே பில் தாறுமாறாக வந்தாலும், 'போடா, வேறு சிம் வாங்கிக்கொள்கிறேன்' என்று தூக்கிப் போட முடியாது. இணைப்பையும் காப்பாற்ற வேண்டும், காசையும் மீட்க வேண்டும். புகார் எழுதுவதில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

அப்படி ஒரு வியாபாரியின் பில்லை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். போஸ்ட்பெய்டு இணைப்பு, மாத வாடகை 399 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 470 ரூபாய் 82 காசு. மாதா மாதம் இதுதான் அவர் கட்டும் தொகை. 2025 ஜூலை 12 தேதியிட்ட பில்லில் ரூ.2,416.64 என்று வருகிறது. கட்டக் கடைசி நாள் ஜூலை 30. அவர் முதலில் எழுதும் கடிதம் அநேகமாக இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய ஐயா, நான் பல வருடமாக உங்கள் கம்பெனி சிம்தான் வைத்திருக்கிறேன். இந்த மாசம் பில் ரெண்டாயிரத்து நானூறுக்கு மேல் வந்திருக்கிறது. இது பகல் கொள்ளை. நான் வெளிநாட்டுக்கு யாரிடமும் பேசவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு யார் சார் போன் பண்ணுவார்கள்? கட்டின பணத்தையும் கட்டவில்லை என்கிறீர்கள். கஸ்டமர் கேருக்கு எத்தனையோ தடவை போன் போட்டும் பதில் இல்லை. உடனே நடவடிக்கை எடுக்காவிட்டால் கலெக்டர் வரை போவேன்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. கோபத்திலும் தப்பில்லை. ஆனால் இதைப் படிக்கப்போகிறவர் முன்னால் ஒரு கணினித் திரை இருக்கிறது. எந்த பில், அதில் எந்த வரி, எவ்வளவு தொகை என்று தெரிந்தால்தான் அவரால் எதையாவது திருத்த முடியும். இந்தக் கடிதத்தில் எண் இல்லை, தேதி இல்லை. என்ன வேண்டும் என்பதும் இல்லை. 'நடவடிக்கை' என்றால் எதையும் செய்துவிட்டு நடவடிக்கை என்று சொல்லிவிடலாம். 'பயன்பாட்டின்படி கட்டணம் சரியே' என்று ஒரு வரி அனுப்பிப் புகாரை மூடிவிட இதைவிட வசதியான கடிதம் கிடைக்காது. கலெக்டருக்கும் செல்போன் பில்லுக்கும் சம்பந்தம் இல்லை என்பது அந்த ஊழியருக்கு நன்றாகவே தெரியும்.

திருத்தி எழுதும் வேலை பேனாவை எடுப்பதற்கு முன்பே ஆரம்பிக்கிறது. பில்லின் முதல் பக்கத்தில் மொத்தம்தான் தெரியும். உள்ளே போய், தனித்தனி அழைப்புகளைக் காட்டும் விவரப் பில்லைப் பார்க்க வேண்டும். நம் மாதிரிப் பில்லில் வாடகை 399 போக மூன்று வரிகள் உறுத்துகின்றன. ஐஎஸ்டி அழைப்பு நான்கு, மொத்தம் 46 நிமிடம், நிமிடத்துக்கு 25 ரூபாய் வீதம் 1,150 ரூபாய். தாமதக் கட்டணம் 100 ரூபாய். முந்தைய பாக்கி ரூ.470.82.

இந்த மூன்றும் ஒரே குற்றச்சாட்டு அல்ல, இரண்டு. ஐஎஸ்டி ஒரு கதை. பாக்கியும் தாமதக் கட்டணமும் சேர்ந்து இன்னொரு கதை. முந்தைய பில்லுக்குக் கட்டிய பணம் கணக்கில் ஏறவில்லை, அதனால் பாக்கி விழுந்தது, அந்தப் பாக்கிக்காக அபராதம் வந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் கொட்டினால், சுலபமானதை மட்டும் சரிசெய்துவிட்டுப் புகார் தீர்ந்தது என்று எழுதிவிடுவார்கள்.

முதலில் ஐஎஸ்டி. 'ராத்திரி ஒரு மணிக்கு யார் போன் பண்ணுவார்கள்' என்பது வாதமே இல்லை. விடியும் முன்பே வேலை தொடங்கும் தொழிலில் இருக்கிறவர் அந்த நேரத்தில் விழித்திருக்க வாய்ப்பு நிறைய. பில்லில் உள்ள நான்கு அழைப்புகளின் தேதி, நேரம், எண் ஆகியவற்றைப் போனில் இருக்கும் அழைப்புப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். அதில் அவை இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இணைக்கலாம். இருந்தால்? தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரு மிஸ்டு கால் வந்து, உள்ளூர் எண் என்று நினைத்துத் திருப்பி அடித்திருக்கலாம். அப்படிக் காசு பிடுங்கும் மோசடி உலகம் முழுக்க நடக்கிறது. அந்த நிலையில் 'நான் பேசவே இல்லை' என்று எழுதினால் கம்பெனியின் பதிவேடு நம்மைப் பொய்யராக்கிவிடும். 'ஐஎஸ்டி வசதி வேண்டும் என்று நான் எப்போது கேட்டேன், அந்தப் பதிவைக் காட்டுங்கள்' என்பதுதான் அப்போது கேட்க வேண்டிய கேள்வி. எழுதுவதற்கு முன், அழைத்தோமா இல்லையா என்பதை ஒருவர் தனக்குத்தானே ஒப்புக்கொள்வது நல்லது.

அடுத்தது கட்டிய பணம். ஜூன் 27 அன்று யுபிஐ மூலம் ரூ.470.82 போயிருக்கிறது. வங்கிக் கணக்கில் பற்று விழுந்ததை மட்டும் பார்த்தால் போதாது. இரண்டொரு நாளில் அதே தொகை திரும்பி வந்திருக்கிறதா என்று அடுத்த வரிகளையும் பார்க்க வேண்டும். திரும்பி வந்திருந்தால் பாக்கி உண்மைதான். வரவில்லை என்றால் யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண் கடிதத்தில் இருந்தாக வேண்டும். பணம் வேறொரு கணக்கில் போய் உட்கார்ந்திருந்தால் அதைத் தேடிப் பிடிக்க உதவுவது அந்த எண்தான். ரசீதுப் படத்தை மட்டும் அனுப்பினால், அதில் எண் பாதி மறைந்து கிடக்கும்.

இனி கணக்கு. பெரும்பாலோர் இங்கே தங்கள் காசைத் தாங்களே விட்டுக்கொடுக்கிறார்கள். ஐஎஸ்டிக்கு 1,150 ரூபாயைத் திருப்பிக் கேட்பார்கள். அதன்மேல் விழுந்த 18 சதவீத வரி 207 ரூபாயை மறந்துவிடுவார்கள். தாமதக் கட்டணம் 100 என்பதும் வரியோடு 118. ஆக, ஐஎஸ்டி 1,357, பாக்கி 470.82, தாமதக் கட்டணம் 118; மறுக்கும் தொகை ரூ.1,945.82. மீதி ரூ.470.82 நாம் ஒப்புக்கொள்கிற வாடகை. இரண்டையும் கூட்டினால் பில்லின் மொத்தமான 2,416.64 வர வேண்டும். காசு பிசகாமல் வந்தால் கடிதத்துக்கு அஸ்திவாரம் உறுதி.

ஒப்புக்கொள்கிற தொகையைக் கடைசித் தேதிக்கு முன்பே கட்டிவிடுவது என் கட்சி. முழு பில்லையும் நிறுத்திவைப்பது ரோஷமாகத் தெரியும். ஆனால் அடுத்த மாதம் நியாயமான பாக்கிக்கே நியாயமான அபராதம் விழும். அப்புறம் எது தப்பு, எது சரி என்று பிரிக்கவே முடியாது.

திருத்திய கடிதம்:

"பொருள்: 12.07.2025 தேதியிட்ட பில்லில் ரூ.1,945.82 தவறாகச் சேர்க்கப்பட்டது குறித்து. செல் எண், வாடிக்கையாளர் கணக்கு எண், பில் எண் கீழே.

12.06.2025 முதல் 11.07.2025 வரையிலான பில்லின் மொத்தம் ரூ.2,416.64. இதில் மாத வாடகை வரியுடன் ரூ.470.82ஐ ஏற்கிறேன், 21.07.2025 அன்று செலுத்திவிட்டேன். மற்றவற்றை மறுக்கிறேன்.

1. ஐஎஸ்டி அழைப்புகள் நான்கு, 46 நிமிடம், வரியுடன் ரூ.1,357. பில்லில் காட்டிய நேரங்களில் என் போனின் அழைப்புப் பட்டியலில் இவை இல்லை; படம் இணைப்பு. ஐஎஸ்டி வசதி நான் கேட்டதும் இல்லை.

2. முந்தைய பாக்கி ரூ.470.82, தாமதக் கட்டணம் வரியுடன் ரூ.118. ஜூன் பில்லுக்கான தொகையைக் கடைசித் தேதியான 30.06.2025க்கு முன், 27.06.2025 அன்றே யுபிஐ மூலம் செலுத்தினேன். பரிவர்த்தனை எண்ணும் வங்கிக் கணக்குப் பக்கமும் இணைப்பு.

கோருவது: ரூ.1,357ஐயும் ரூ.118ஐயும் நீக்குங்கள், 27.06.2025 அன்று செலுத்திய ரூ.470.82ஐ வரவு வையுங்கள். திருத்திய பில் அனுப்புங்கள். ஐஎஸ்டி கட்டணம் சரியென்று கருதினால், வசதி எந்தத் தேதியில், யார் கேட்டு இயக்கப்பட்டது என்ற பதிவைத் தாருங்கள். முடிவாகும்வரை மறுக்கப்பட்ட தொகைக்காக இணைப்பைத் துண்டிக்க வேண்டாம்."

முதல் கடிதத்தைவிட இது நீளம்தான். ஆனால் 'பல வருட வாடிக்கையாளர்' போய்விட்டது. எத்தனை தடவை போன் போட்டார் என்பதும் போய்விட்டது. புகார் எண் வாங்காமல் போட்ட போன் கணக்கில் வராது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஒவ்வொரு புகாருக்கும் கம்பெனி ஒரு பதிவு எண் தந்தாக வேண்டும். பில் புகாரைத் தீர்க்க அவர்களுக்குள்ள அவகாசம் நான்கு முதல் ஆறு வாரம். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே நேராக எழுதிப் பயனில்லை. தனிநபர் புகாரை அது விசாரிப்பதில்லை.

அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம். அந்தக் கதவைப் பற்றி ஒரு பெரிய வழக்கே நடந்தது. அகமதாபாத்தில் வோடஃபோன் வாடிக்கையாளர் ஒருவர். மாத வாடகை 249 ரூபாய், சராசரி பில் 555. 2013 நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரைக்கான பில் ரூ.24,609.51 என்று வந்தது. கிரெடிட் கார்டிலிருந்து தானாகப் பணம் போகும் ஏற்பாட்டையும் அவர் செய்துவைத்திருந்தார். 2014 மே 25 அன்று மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். பில் சரியா தப்பா என்பதற்குள் நுழையாமலே வோடஃபோன் ஒரு தடை சொன்னது. 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் 7பி பிரிவுப்படி இந்தச் சச்சரவு மத்தியஸ்தருக்குத்தான் போக வேண்டும், நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது. கேரளத்து வழக்கு ஒன்றில் 2009இல் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருந்ததால் அது வெறும் சாக்கு அல்ல. கடைசியில் 2022 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், நுகர்வோர் மன்றத்துக்குப் போகத் தடையில்லை என்று தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ சேவைகளின் பட்டியலில் தொலைத்தொடர்பைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

எந்தக் கதவைத் தட்டுவது என்று தீர்மானிக்கவே ஏழரை ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்தத் தீர்ப்பின் தொடக்கத்தில் வழக்கின் கதை சில வரிகளில் வருகிறது. வாடகை, சராசரி, தேதிகள், காசு வரை பில் தொகை, கேட்ட நிவாரணம் என்று அத்தனையும் அவருடைய புகாரில் இருந்தவை.

இன்று புளியந்தோப்புக்காரர் சென்னை வடக்கு மாவட்ட ஆணையத்திலேயே மனுப் போடலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் பரவாயில்லை. ஐந்து லட்சம் ரூபாய்க்குள் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனாலும் ரூ.1,945.82க்காக ஒரு வியாபாரி வேலையை விட்டுவிட்டு வாய்தாவுக்கு அலைவதை நான் முதல் யோசனையாகச் சொல்ல மாட்டேன். மேல்முறையீடு வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் அது.

புகாரை ஏற்றுக்கொண்டால் ஒரு வாரத்துக்குள் தொகையை வரவு வைக்க வேண்டும் என்பது டிராயின் தரவிதி. ஆனால் புகாரில் முடிவு வருவதற்குள்ளாகவே ஆகஸ்ட் 12 பில் வந்துவிடலாம். அதில் 1,945.82 மறுபடி பாக்கியாக ஏறி, அதன் தலையில் புதிதாக ஒரு தாமதக் கட்டணம் உட்கார்ந்திருக்கவும் கூடும். புதுப் புகார் போட வேண்டாம். போட்டால் அவகாசம் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். பழைய பதிவு எண்ணையே மேலே எழுதி, புதிய தாமதக் கட்டணத்தை வரியோடு மறுக்கும் தொகையில் சேர்த்து, வாடகை ரூ.470.82ஐ மட்டும் கட்டிவிட்டு, அந்த பில்லின் பக்கத்தையும் இணைத்து அனுப்ப வேண்டும்.