ஆரணிப் பட்டு எடுத்தாச்சு... தலை அலங்காரம் என்ன? புடவை, தாவணி, லெஹங்காவுக்கு எது பொருந்தும்?

கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க திருவண்ணாமலை மாவட்டம் ஆரணிக்குப் போகிற குடும்பங்கள் நிறைய. கடையில் நிறம் பார்க்கிறோம், கரை பார்க்கிறோம், ஜரிகை பார்க்கிறோம். "இதுக்கு ஜடை போடுறதா, கொண்டை போடுறதா?" என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் ராத்திரிதான் வருகிறது. ஒப்பனை செய்பவர் போனில் ஏழெட்டுப் படம் அனுப்புவார். அதில் அழகாக இருப்பதைத் தேர்வு செய்துவிடுவோம். மறுநாள் தாலி கட்டும் நேரத்தில் ஜடை குறுக்கே நிற்கும், புடவையில் நூல் இழுத்திருக்கும், தலைவலி தொடங்கியிருக்கும்.

இதைத் தவிர்க்க, துணியை வைத்தே தலை அலங்காரத்தை முடிவு செய்யலாம். எப்படி? பார்ப்போம்.

முதலில் பார்க்க வேண்டிய 3 விஷயங்கள்

துணி எவ்வளவு கனம்? முந்தானை அல்லது துப்பட்டா எந்தப் பக்கம் விழுகிறது? பிளவுஸின் பின்கழுத்து எவ்வளவு இறக்கம்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு, லேசான புடவைகளுக்குப் பேர் போனது. கோர்வைக் கரை போட்ட கனமான காஞ்சிபுரம் கல்யாணப் பட்டு ஒரு கிலோவை நெருங்கும். ஆரணியில் அதில் பாதி எடையிலேயே உடுத்தச் சுகமான பட்டுகள் கிடைக்கும். அகலக் கரை, தடித்த துணி என்றால் பெரிய பில்லை வைத்த ஜடைநாகம் அதோடு சேர்ந்து போகும். மெல்லிய துணிக்கு அதே ஜடைநாகத்தைப் போட்டால் புடவை பின்னுக்குப் போய் நகை மட்டும் தெரியும். அதைவிடப் பெரிய பிரச்சினை, பில்லையின் அடியில் இருக்கும் கம்பி முனை. அது முதுகில் உரசும்போது மெல்லிய பட்டில் இழை இழுத்துவிடும்.

எளிய அளவுகோல் ஒன்று உண்டு. பில்லையின் அகலம் புடவைக் கரையின் அகலத்தைத் தாண்ட வேண்டாம். கரை இரண்டு விரல் அகலம் என்றால் பில்லையும் அந்த அளவில் இருக்கட்டும். உடல் முழுக்கக் கட்டம் போட்ட புடவை என்றால், கல் நகையைக் குறைத்துக்கொண்டு வெறும் மல்லிகைச் சரம் வைத்தாலே போதும்.

ஜடை எந்தப் பக்கம்?

புடவை முந்தானையும் தாவணியும் இடது தோளில்தான் விழும். அதனால் ஜடையை முன்னால் எடுத்துப் போடுவதாக இருந்தால் வலது பக்கம் போடுங்கள். இடது பக்கம் போட்டால் முந்தானையின் ஜரிகை வேலை மறைந்துவிடும். மடிப்புக்குப் போட்ட ஊசியில் முடியும் சிக்கும்.

பின்கழுத்து ஆழமாக இறங்கி, அதில் வேலைப்பாடும் இருந்தால் கொண்டைதான் சரி. தையல்காரருக்குக் கொடுத்த கூலி வெளியில் தெரிய வேண்டாமா? கழுத்து மேலேறி மூடியிருந்தால் நீளமான ஜடை அந்த வெறுமையை நிரப்பிவிடும்.

ஒரே கல்யாணம், இரண்டு அலங்காரம்

ஒரு மணப்பெண்ணை எடுத்துக்கொள்வோம். முடி தோளுக்குக் கீழே நான்கு விரல் வரை இருக்கிறது. காலை 6 முதல் 7.30 வரை முகூர்த்தம், அதற்கு லேசான ஆரணிப் பட்டு. மாலை வரவேற்புக்கு லெஹங்கா.

முகூர்த்தத்துக்கு ஜடை. தலைக்கு முந்தைய நாளே குளித்துவிட வேண்டும். அன்றைக்கே குளித்த முடி வழவழவென்று இருக்கும், ஊசி நிற்காது. நெற்றிச்சுட்டிக்காக நடு வகிடு எடுத்து, பின்னால் முடியை இறுக்கிக் கட்டி, அந்தக் கட்டிலிருந்து சவுரியைச் சேர்த்துப் பின்ன வேண்டும். சவுரி முடியின் நுனியில் தொங்கக் கூடாது, மேல் கட்டிலேயே பிடித்திருக்க வேண்டும். அப்போதுதான் அதன் எடை தலையில் சமமாகப் பரவும்.

ஜடையின் நீளத்தை நிற்கும்போது அளக்காதீர்கள். மணமேடையில் உட்காருவது போல உட்காரவைத்துப் பாருங்கள். குஞ்சலம் தரையைத் தொட்டாலோ, புடவைக்கு அடியில் மாட்டினாலோ, எழுந்திருக்கும்போது தலை வெடுக்கென்று பின்னால் இழுக்கும். உட்கார்ந்த நிலையில் இடுப்போடு முடிகிற நீளம் போதும்.

அடுத்தது ராக்கொடி, சூரியப்பிறை, சந்திரப்பிறை. பரதநாட்டிய அலங்காரத்தில் 'தலைசாமான்' என்று சொல்கிறார்களே, அதே நகைகள்தான். சூரியன் வலது பக்கம், சந்திரன் இடது பக்கம். இது அணிந்திருப்பவரின் வலது, இடது. எதிரே நின்று குத்திவிடுபவருக்கு இங்கேதான் குழப்பம் வரும். நாகர்கோவில் வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகளில் இந்தத் தலைசாமான்கள் பிரபலம். எல்லாமே வேண்டும் என்று கட்டாயமில்லை. லேசான பட்டுக்கு நெற்றிச்சுட்டி, ராக்கொடி, சிறிய பில்லைகள் நான்கைந்து, கடைசியில் குஞ்சலம் என்று நிறுத்தலாம்.

பில்லை மாட்டும் முன் ஒரு சோதனை. பழைய பட்டுத் துணி ஒன்றை எடுத்து பில்லையின் அடிப்பக்கத்தில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். துணி சிக்கினால் புடவையும் சிக்கும். அந்த முனையை உள்பக்கம் மடக்கி, மேலே நூல் சுற்றியோ துணி டேப் ஒட்டியோ மூடிவிடுங்கள்.

தாலி கட்டும் அந்த ஒரு நிமிடம்

அலங்காரத்துக்கு உண்மையான பரீட்சை இங்கேதான். மாப்பிள்ளை முடிச்சுப் போடவும், பிறகு நாத்தனார் முடிச்சுப் போடவும் பின்கழுத்து காலியாக இருக்க வேண்டும். முடிச்சு போடுமிடத்தில் பூச்சரம் தொங்கினால், "அக்கா, கொஞ்சம் ஜடையைத் தூக்கிப் பிடிங்க" என்று பத்துப் பேர் கை நீட்டுவார்கள். அந்த அவசரத்தில் பில்லை கழன்றுவிடும்.

அதனால் பூவைக் கழுத்துக்கு இரண்டு விரல் மேலேயே சுற்றி முடித்துவிடுங்கள். கொண்டை போடுவதாக இருந்தாலும் இதே கணக்குதான். கழுத்தோடு ஒட்டிய தாழ்வான கொண்டை படத்தில் நன்றாக இருக்கும், ஆனால் தாலிக்கும் மாலைக்கும் இடைஞ்சல். அலங்காரம் முடிந்ததும் மாலை அளவுக்கு ஒரு துண்டைக் கழுத்தில் போட்டு, தலையைக் குனிந்து நிமிர்ந்து பாருங்கள். நெற்றிச்சுட்டி பொட்டின் மேல் விழுந்தால், வகிட்டில் இருக்கும் கொக்கியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் குத்த வேண்டும்.

நடுவில் கூறைப்புடவை மாற்றும் வழக்கம் இருந்தால் பிளவுஸுக்கு முன்பக்கம் கொக்கி வைக்கச் சொல்லுங்கள். தலை வழியாகக் கழற்றும் பிளவுஸ் என்றால் அலங்காரம் தப்பிக்காது.

பூவில் கவனிக்க வேண்டியது

மல்லி மொட்டு பறித்த அன்று மாலையில்தான் விரியும். மாலை வரவேற்புக்கு மதியம் மொட்டாக வாங்கினால், விருந்தினர் வரும் நேரத்தில் மலர்ந்து மணக்கும். காலை முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் வாங்கிய பூ ராத்திரியே விரிந்துவிடும். ஈரத் துணியில் சுற்றிக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் விரிவது தாமதமாகும்.

ஆனால் தலையில் வைக்கும்போது ஈரம் இருக்கக் கூடாது. பூக்காரர் தண்ணீர் தெளித்துத்தான் கொடுப்பார். அதை உதறி, ஒரு துணியில் பத்து நிமிடம் பரப்பி வைத்த பிறகே சூடுங்கள். பட்டில் தண்ணீர் சொட்டினால் திட்டாகத் தெரியும். புடவை நிறத்துக்குப் பொருத்தமாக நீலம், பச்சை என்று சாயம் ஏற்றிய பூ கேட்பவர்களும் உண்டு. வியர்வை பட்டால் அந்தச் சாயம் பிளவுஸில் இறங்கும். வெள்ளைக் காகிதத்தில் அழுத்திப் பாருங்கள், நிறம் ஒட்டினால் வேண்டாம். முடிக்கு அடிக்கும் ஸ்பிரேயும் அப்படித்தான். புடவை கட்டுவதற்கு முன்பே அடித்து முடித்துவிட வேண்டும், ஜரிகையில் பட்டால் மங்கிவிடும்.

மாலையில் லெஹங்கா

இங்கே முக்கியம் துப்பட்டாதான். தாவணி மாதிரி ஒரு தோளில் போட்டால் கணக்கு எளிது, மறு பக்கம் ஜடையோ விரித்த முடியோ போடலாம். வட இந்திய முறையில் தலையில் போட்டால் கொண்டை அவசியம். துப்பட்டாவின் எடையைத் தாங்க ஒரு பிடிமானம் வேண்டும் அல்லவா? பின்தலையின் நடு உயரத்தில் கொண்டை வைத்து, அதற்கு மேல் வலை போட்டு, துப்பட்டாவை அந்த வலையோடு சேர்த்துக் குத்த வேண்டும். உச்சி முடியில் நேராகக் குத்தினால் எடை முழுவதும் அந்த நாலு முடியில் தொங்கும். அரை மணி நேரத்தில் வலி ஆரம்பிக்கும்.

தோளில் கல் வேலையும் ஜர்தோசி வேலையும் இருக்கிற பிளவுஸுக்கு முடியை விரித்துப் போட வேண்டாம். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் முடி கல்லில் மாட்டும். பாதி முடியைப் பின்னால் கட்டி, மீதியை வேலைப்பாடு இல்லாத பக்கம் எடுத்துவிடலாம்.

தாவணி போடும் சின்னப் பெண்ணுக்கு?

மஞ்சள் நீராட்டு விழாவில் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு மணப்பெண் அளவுக்குச் சவுரி, ஜடைநாகம், தைத்த பூ ஜடை எல்லாம் வைப்பதைப் பார்க்கிறோம். மெல்லிய முடிக்கு அது தாங்காது. சொந்த முடி எவ்வளவு நீளமோ அதற்கு ஒரு சாண் மட்டும் கூட்டி, பூவும் குஞ்சலமும் வைத்தால் பாவாடை தாவணிக்கு எடுப்பாகவே இருக்கும்.

இறுக்கம் அதிகமா என்று கண்டுபிடிக்க, பிள்ளையைப் புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள். நெற்றியோரம் வலித்தாலோ தோல் வெளுத்துத் தெரிந்தாலோ கட்டைத் தளர்த்த வேண்டும். முன்நெற்றி ஓரத்தில் சின்னச் சின்னப் பொரிகள் வந்தால் வேர் இழுபடுகிறது என்று அர்த்தம். அடிக்கடி இப்படிக் கட்டினால் அந்த இடத்தில் முடி கொட்டத் தொடங்கும். "விழா முடியட்டும்மா, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று சொல்வதைவிட, ஐந்து நிமிடம் செலவழித்து அவிழ்த்துக் கட்டுவது நல்லது.

அடுத்த முறை பட்டு எடுத்ததும் கரையின் அகலத்தையும் பின்கழுத்து இறக்கத்தையும் படம் எடுத்து ஒப்பனை செய்பவருக்கு அனுப்பிவிடுங்கள். எந்த ஜடை, எவ்வளவு பூ என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்.