ஜெராக்ஸில் சுருங்கிய அரைக் கிலோமீட்டர்

மந்திர் மார்க்கில் எங்கள் குடியிருப்பில் மேல்வீட்டு நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பையன் கையில் திருத்திய புவியியல் விடைத்தாள். "சார், ஸ்கேல் வைத்து ஒரு கோட்டை அளக்கக்கூட இவனுக்குத் தெரியவில்லை. நீங்கள் ரயில்வேயில் சர்வே எல்லாம் பார்த்தவர். கொஞ்சம் சொல்லிக் கொடுங்கள்" என்றார். பையன் தலை நிமிரவே இல்லை. "நான் மூன்று தடவை அளந்தேன் தாத்தா" என்று மட்டும் மெல்லச் சொன்னான்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். நிலவரைபடக் கேள்வியை அவர்கள் எல்லோருமே சந்திக்கிறார்கள். ஆகவே அன்று நாங்கள் மூவரும் உட்கார்ந்து அந்த விடையைச் சரிபார்த்த விதத்தை இங்கே எழுதுகிறேன்.

கேள்வி இதுதான். வரைபடத்தின் அளவை 1:50,000. அதில் ஒரு கோயிலும் ஒரு மலைச் சிகரமும் குறிக்கப்பட்டுள்ளன. இரண்டின் கட்ட எண்களை, அதாவது கிரிட் ரெஃபரன்ஸை, ஆறு இலக்கத்தில் எழுத வேண்டும். கோயிலிலிருந்து சிகரம் எந்தத் திசையில் இருக்கிறது, நேர்கோட்டில் எவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டும். சிகரத்தைச் சுற்றியுள்ள கடைசிச் சமஉயரக் கோட்டின் மதிப்பையும், கோயிலிலிருந்து சிகரம் வரை சராசரிச் சரிவையும் தர வேண்டும்.

பையன் எழுதியது: கோயில் 124436. சிகரம் 172456. திசை கிழக்கு-வடகிழக்கு. தூரம் 4.7 கிலோமீட்டர். கடைசிக் கோடு 640 மீட்டர். சரிவு 14-க்கு 1. முதல் மூன்றும் சரி என்று குறியிட்டிருந்தார்கள். மற்ற மூன்றும் தவறு. தூரத்துக்கு எதிரே 5.2 என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

நான் முதலில் ஸ்கேலை எடுக்கவில்லை. சரி என்று குறியிட்ட கட்ட எண்களை எடுத்தேன். கட்ட எண் எப்படி அமைகிறது என்று சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் மேலிருந்து கீழாகப் போகும் கோடுகளுக்கு அடியில் எண் இருக்கும். அது கிழக்கே போகப் போகக் கூடும். குறுக்கே போகும் கோடுகளுக்குப் பக்கவாட்டில் எண் இருக்கும். அது வடக்கே போகப் போகக் கூடும். கோயில் 12 என்ற கோட்டைத் தாண்டி, அந்தக் கட்டத்தைப் பத்தாகப் பிரித்தால் நான்காவது பங்கில் இருக்கிறது. எனவே 124. அதே போல 43 என்ற கோட்டுக்கு மேலே ஆறு பங்கு. எனவே 436. முதலில் தரையில் நடக்க வேண்டும், பிறகுதான் மாடிப்படி ஏற வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் வரிசை மாறாது.

இந்த வரைபடத்தில் ஒரு கட்டத்தின் பக்கம் தரையில் 1 கிலோமீட்டர். ஆகவே ஒரு பங்கு என்பது 100 மீட்டர். கோயிலின் 124-க்கும் சிகரத்தின் 172-க்கும் வித்தியாசம் 48 பங்கு, அதாவது கிழக்கே 4.8 கிலோமீட்டர். 436-க்கும் 456-க்கும் வித்தியாசம் 20 பங்கு, அதாவது வடக்கே 2 கிலோமீட்டர். இந்த இரண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள். 4.8-இன் வர்க்கம் 23.04, 2-இன் வர்க்கம் 4, கூட்டினால் 27.04. அதன் வர்க்கமூலம் 5.2. ஸ்கேலைத் தொடாமலே 5.2 கிலோமீட்டர் கிடைத்துவிட்டது.

"அப்படியானால் நான் அளந்ததுதான் தப்பா தாத்தா?" என்றான் பையன். அளந்து காட்டச் சொன்னேன். 9.4 சென்டிமீட்டர் வந்தது. நானும் அளந்தேன். அதே 9.4. 1:50,000 என்றால் தாளில் 1 சென்டிமீட்டர், தரையில் 50,000 சென்டிமீட்டர், அதாவது அரைக் கிலோமீட்டர். 9.4-இல் பாதி 4.7. அளந்ததும் சரி, கணக்கும் சரி, விடை மட்டும் தப்பு!

இப்போது ஒரே ஒரு கட்டத்தின் பக்கத்தை அளக்கச் சொன்னேன். 1:50,000 அளவையில் 1 கிலோமீட்டர் என்பது தாளில் 2 சென்டிமீட்டராக இருக்க வேண்டும். பையன் ஸ்கேலை வைத்தான். 1.8 சென்டிமீட்டர்தான் இருந்தது. கேள்வித்தாளில் இடம் போதாமல் வரைபடத்தை ஜெராக்ஸில் பத்தில் ஒரு பங்கு சுருக்கியிருக்கிறார்கள். படம் சுருங்கியது. ஆனால் ஓரத்தில் அச்சான 1:50,000 என்ற எழுத்து அப்படியே நின்றுவிட்டது. 9.4-ஐ 1.8-ஆல் வகுத்தால் 5.2 கட்டம். தரையில் 5.2 கிலோமீட்டர்.

எனக்கு இது புதிதல்ல. டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், சுருக்கி எடுத்த ஒரு வரைபடப் பிரதியை வைத்து, ஒரு சைடிங் பாதைக்கு வேண்டிய தண்டவாளத்தைக் கணக்கிட்டேன். கணக்கு குறைவாக வந்தது. மூத்த டிராஃப்ட்ஸ்மேன் ஒருவர் பார்த்துவிட்டு, "தம்பி, எண்ணை நம்பாதே, கோட்டு அளவையை நம்பு" என்றார். கோட்டு அளவை என்பது வரைபடத்தின் அடியில் பட்டையாக வரைந்திருக்கும் கிலோமீட்டர் கோடு. படம் சுருங்கினால் அதுவும் கூடவே சுருங்கும். கட்டங்களும் அப்படியே. எண்ணால் எழுதிய அளவைதான் சுருங்காது.

இதிலிருந்து ஒரு விஷயம் புரிகிறது. வரைபடத்தைச் சுருக்கினாலும் பெருக்கினாலும் கட்ட எண் மாறாது, திசை மாறாது, சமஉயரக் கோட்டின் மதிப்பு மாறாது. எண் அளவையைக் கொண்டு கண்ட நீளம் மட்டுமே கெடும். ஆகவே நீளத்துக்குக் கட்ட எண்களே சாட்சி. இரண்டு வழியிலும் வரும் தூரம் ஒன்றுக்கொன்று 0.1 கிலோமீட்டர் அளவுக்குள் ஒத்துப்போனால் போதும். ஏனென்றால் பங்கைக் கண்ணால் மதிப்பிடுவதில் அந்த அளவு பிசகு இருக்கத்தான் செய்யும்.

பையன் விடவில்லை. "என் நண்பன் கோயிலை 436124, சிகரத்தை 456172 என்று எழுதினான். அவனுக்கும் இந்தக் கணக்கில் 5.2 வருமே?" என்றான். நல்ல கேள்வி. இரண்டையும் மாற்றி எழுதினால் கிழக்கே 2, வடக்கே 4.8 என்று ஆகும். தூரம் அதே 5.2. ஆகவே தூரம் இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்காது. திசைதான் காட்டிக்கொடுக்கும். வடக்கே அதிகம், கிழக்கே குறைவு என்றால் சிகரம் வடக்கு-வடகிழக்கில் இருக்க வேண்டும். படத்தில் பார்த்தாலோ அது கிழக்கை ஒட்டிச் சாய்ந்து கிடக்கிறது. அந்த முரண்பாடே போதும்.

திசையில் பிள்ளைகள் தடுமாறுவது எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான். கேள்வி ஆங்கிலத்தில் இருக்கும். அதை மனதுக்குள் தமிழில் மாற்றிக்கொள்ளச் சொன்னேன். எந்த ஊரோடு 'இருந்து' ஒட்டுகிறதோ, அங்கே போய் நிற்க வேண்டும். நம் மந்திர் மார்க் பிர்லா மந்திரிலிருந்து இந்தியா கேட் தென்கிழக்கே இருக்கிறது. இந்தியா கேட்டிலிருந்து பிர்லா மந்திர் வடமேற்கே இருக்கிறது. இடம் இரண்டும் அதேதான், நிற்கும் இடம் மாறினால் விடை நேர் எதிராகிவிடும்.

இனி 640-க்கு வருவோம். கோயில் சரியாக 300 மீட்டர் கோட்டின் மேல் இருக்கிறது. கோட்டுக்குக் கோடு 20 மீட்டர். பையன் கோயில் கோட்டிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணி, 17 கோடுகள் என்று கண்டு, 17-ஐ 20-ஆல் பெருக்கி 340 என்று 300-உடன் கூட்டியிருக்கிறான். ஆனால் ஏறுவது கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில். 17 கோடுகளுக்கு நடுவே இடைவெளி 16 தான். 16 இருபது 320. கடைசிக் கோடு 620.

இதைச் சரிபார்க்க இரண்டு வழி அங்கேயே இருந்தன. ஒவ்வொரு ஐந்தாவது கோடும் தடிமனாக இருக்கும். 20 மீட்டர் இடைவெளியில் அவை 300, 400, 500, 600. தடித்த கோட்டிலிருந்து தடித்த கோட்டுக்குத் தாவி எண்ணினால் 600 வந்துவிடும். அதற்கு மேல் மெல்லிய கோடு ஒன்றே ஒன்று, 620. இன்னொரு சாட்சி சிகரத்திலேயே நிற்கிறது. அங்கே சிறிய முக்கோணமும் பக்கத்தில் 632 என்ற எண்ணும் உள்ளன. அது சர்வேக்காரர்கள் கணித்த உயரம். சிகரத்தைச் சுற்றிய கோடு 640 என்றால், மேலே இருக்கும் சிகரம் 632 என்று கீழே இறங்க முடியுமா? பையன் சிரித்துவிட்டான். இந்தத் தப்பு தன்னுடையதுதான் என்று அவனே ஒப்புக்கொண்டான்.

சரிவுக்கு அவன் 632 என்ற உயரத்தையே எடுத்திருந்தான். 300-ஐக் கழித்தால் 332 மீட்டர். அது சரி. ஆனால் தூரம் 4,700 என்று கொண்டதால் 14-க்கு 1 வந்தது. 5,200-ஐ 332-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 16-க்கு 1. ஆக இந்தப் பிழையும் ஜெராக்ஸிலிருந்து வந்ததே. சரிவு நம்பும்படியாக இருக்கிறதா என்று பார்க்க எங்கள் ரயில்வேயில் இரண்டு எண்கள் உண்டு. போர் காட்டில் ரயில் ஏறுவது 37-க்கு 1. பல்சக்கரம் பிடித்து ஏறும் நீலகிரி மலை ரயிலுக்கு 12-க்கு 1. ஒரு மலைக்கு நேர்க்கோட்டில் 16-க்கு 1 என்பது இயல்பானது. யாருக்காவது 1.6-க்கு 1 என்று வந்தால், அது ஆளைத் தவழ வைக்கும் செங்குத்து. கிலோமீட்டரை மீட்டராக மாற்றும்போது ஒரு சுழி விட்டுப்போயிருக்கும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. கட்ட எண்களால் கிடைப்பது நேர்கோட்டுத் தூரம் மட்டுமே. வளைந்த சாலையின் நீளத்தைக் கேட்டால் நூலை வைத்துத்தான் அளக்க வேண்டும். அப்போதும் நூல் காட்டும் நீளம் நேர்கோட்டுத் தூரத்தைவிடக் குறைந்துவிட்டால், எங்கோ தப்பு என்று தெரிந்துகொள்ளலாம்.

மறுநாள் பையன் ஆசிரியையிடம் போய், கட்டத்தின் மீது ஸ்கேலை வைத்துக் காட்டியிருக்கிறான். அவர் தாமே அளந்து பார்த்து, தூரத்துக்கும் சரிவுக்கும் மதிப்பெண் கொடுத்தாராம். 640-க்குக் கொடுக்கவில்லை. அது நியாயம்தான். மாலையில் நண்பர் படியிறங்கி வந்து, "மூன்று தடவை அளந்தேன் என்று சொன்னானே சார், நான்தான் கேட்கவில்லை" என்றார். பையன் இப்போது எந்த வரைபடத்தைக் கொடுத்தாலும், முதல் வேலையாக ஒரு கட்டத்தின் பக்கத்தை அளக்கிறான்.