பீனால் ஏன் நுரைப்பதில்லை?

வினிகரில் ஆப்ப சோடாவைப் போட்டால் புசுபுசுவென்று நுரை பொங்கும். அதே சோடாவைப் பீனால் கரைசலில் போட்டால் ஒன்றும் நடக்காது. இத்தனைக்கும் பீனாலின் பழைய பெயர் கார்பாலிக் அமிலம். 1865-இல் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் காயங்கள் சீழ்பிடிக்காமல் காக்கப் பயன்படுத்தியது இதைத்தான்.

விடை pKa என்ற எண்ணில் இருக்கிறது. இந்த எண் குறையக் குறைய அமிலத்தின் வலிமை கூடும். ஓர் எண் இறங்கினால் வலிமை பத்து மடங்கு. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்துக்கு 4.76, பீனாலுக்கு 10, எத்தனாலுக்கு ஏறத்தாழ 16. சோடாவிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கிளப்ப வேண்டுமானால், கார்பானிக் அமிலத்தின் 6.4-ஐ விடக் குறைந்த எண் வேண்டும். அசிட்டிக் அமிலம் அதைத் தாண்டிவிடுகிறது. பீனாலோ 3.6 எண் பின்தங்கி நிற்கிறது; அதாவது ஏறக்குறைய 4,000 மடங்கு வலிமை குறைவு. சோடியம் பீனாக்சைடு கரைசலில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் பீனாலே திரும்பக் கிடைப்பதும் இதனால்தான்.

எண்கள் ஏன் இப்படி? ஹைட்ரஜன் அயனியை இழந்தபின் மிஞ்சுவதைப் பார்க்க வேண்டும். அதுதான் இணை காரம். அது எவ்வளவு நிலைப்புடன் இருக்கிறதோ, அவ்வளவு எளிதாக அமிலம் ஹைட்ரஜனை விடும். எத்தனால் மிச்சம் வைக்கும் அயனியில் எதிர்மின்சுமை முழுதும் ஒரே ஆக்சிஜன் மேல் குவிந்திருக்கிறது. பீனாக்சைடில் அது வளையத்துக்குள்ளும் பரவுகிறது. ஆறு எண் வித்தியாசம், பத்து லட்சம் மடங்கு, பெரும்பாலும் இந்தப் பரவலின் பலன்.

இங்கே மாணவர்கள் பலர் தடுமாறுவார்கள். பீனாக்சைடில் சுமை ஆக்சிஜனோடு மூன்று கார்பன்களிலும் பரவுகிறது. அசிட்டேட்டில் இரண்டே இடம். அப்படியானால் பீனால்தானே வலிய அமிலமாக இருக்க வேண்டும்? இல்லை. அசிட்டேட்டின் இரண்டு இடங்களும் ஆக்சிஜன். சுமையைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன. கார்பன் எதிர்மின்சுமையை அவ்வளவாக விரும்பாது. எத்தனை இடம் என்பதைவிட எந்த அணு என்பதே இங்கு பெரிது.

வளையத்தில் நைட்ரோ தொகுதியைச் சேர்த்தால் இது இன்னும் தெளிவாகும். பாரா இடத்தில் அது இருந்தால், வளையத்துக்குள் வரும் சுமை நைட்ரோவின் ஆக்சிஜன்கள் வரை போய்விடும், pKa 7.15 ஆக இறங்கும். மெட்டா இடத்தில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. அங்கே நைட்ரோ எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்க மட்டுமே முடியும், எண் 8.4-இல் நின்றுவிடும்.

ஒரு நைட்ரோ போதாது, 6.4-ஐத் தொடவில்லை. 2,4-டைநைட்ரோபீனாலில் எண் 4.1. மூன்று நைட்ரோ கொண்ட பிக்ரிக் அமிலத்தில் 0.4 மட்டுமே, அது வினிகரையே மிஞ்சிய அமிலம். இவ்விரண்டும் சோடாவில் நுரைக்கும். ஆகவே, நுரை வந்த உடனே கார்பாக்சிலிக் அமிலம் என்று ஆய்வக ஏட்டில் எழுதிவிடக் கூடாது.