அறுபது மணிக்கு ஒரு லெட்டர்!

"மாமா... உங்க ஆபீஸ்ல ஒரு ரெண்டு வாரம் உட்கார்ந்துக்கறேனே!"

மே மாதம் வந்தால் ஆடிட்டர்களிடம் பி.காம். பிள்ளைகள் இப்படித்தான் கெஞ்சுகிறார்கள். இன்டர்ன்ஷிப்புக்கும் கிரெடிட் உண்டே! யு.ஜி.சி.யின் 2024 வழிகாட்டியில் முப்பது மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். இரண்டு வேண்டுமானால் 60 மணி.

பக்கத்து வீட்டுப் பெண் போட்ட கணக்கு சுலபம். தினம் ஆறு மணி, பத்து நாள். ஆனால் ஆடிட்டரின் சம்மதக் கடிதத்தைக் காலேஜில் கொடுத்து, துறைத்தலைவர் கையெழுத்துப் போடுவதற்குள் இரண்டு நாள் வேலை பார்த்துவிட்டாள். "அனுமதிக்கு முந்தின நாள் செல்லாது" என்றுவிட்டார்கள். மிச்சம் 48 மணிதான். இன்னும் இரண்டு நாள் போய் ஈடுகட்டினாள்.

அடுத்தது சர்ட்டிபிகேட். 'மே மாதம் பயிற்சி பெற்றார், நன்னடத்தை உள்ளவர்' என்று ஒரே வரி! எந்தத் தேதி முதல் எது வரை, எத்தனை மணி, என்ன வேலை... ஒன்றுமில்லை. திரும்பி வந்தது. அதற்குள் ஜூலை, வருமான வரி ரிட்டர்ன் நெரிசலில் ஆடிட்டரைப் பிடிக்கவே பத்து நாள். (வாசகத்தை நாமே டைப் அடித்து, கடைசி நாளே நீட்டுவதுதான் புத்திசாலித்தனம். அவருக்கும் வேலை மிச்சம்.)

ரிப்போர்ட்டில் ஜி.எஸ்.டி. வரலாறு பன்னிரண்டு பக்கம்! "இது புஸ்தகத்துலயே இருக்கேம்மா, நீ என்ன செஞ்சே?" என்றார் புரொபசர். டைரியைப் புரட்டினாள். கடைக்காரர் ஒருவரின் கொள்முதல் பில்களை GSTR-2B பட்டியலோடு ஒப்பிட்டபோது, ஒரு பில் மட்டும் பட்டியலில் இல்லை. விற்றவர் அதைக் கணக்கில் காட்டவே இல்லை! அதை இரண்டு பக்கம் எழுதினாள்.

பன்னிரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டு, அந்த இரண்டை வாங்கிக்கொண்டார்.