ஒரே கோட்டில் எத்தனை கோலி?

அறுகோணப் பலகை ஒன்று. அதில் 61 குழிகள். ஒருவருக்குக் கருப்புக் கோலிகள் 14, மற்றவருக்கு வெள்ளைக் கோலிகள் 14. எதிராளியின் கோலிகளில் ஆறை யார் முதலில் பலகையை விட்டு வெளியே தள்ளுகிறாரோ அவர் வென்றார். பகடை கிடையாது, சீட்டு கிடையாது, மறைத்து வைக்க எதுவும் கிடையாது. மிஷேல் லலே, லோரான் லெவி என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1987-இல் உருவாக்கிய இந்த ஆட்டத்தின் பெயர் அபலோன். அறிவுக்கூர்மை மிக்கவர்களின் சங்கமான மென்சா, நல்ல பலகை ஆட்டங்களுக்கு விருது தரத் தொடங்கிய 1990-ஆம் ஆண்டிலேயே அந்த விருது இதற்குக் கிடைத்தது.

விதிகளைப் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். உங்கள் முறை வரும்போது ஒரு கோலியையோ, ஒட்டி நிற்கும் இரண்டையோ, மூன்றையோ ஒரு குழி தூரம் நகர்த்தலாம். இரண்டு, மூன்று என்றால் அவை ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். நகர்த்த இரண்டு வழிகள் உண்டு. அந்தக் கோட்டின் போக்கிலேயே முன்னாலோ பின்னாலோ நகர்த்துவது ஒன்று. கோடு கலையாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பக்கவாட்டில் ஒரு குழி விலக்குவது மற்றொன்று. தள்ளுவதற்கு முதல் வழிதான் உதவும். பக்கவாட்டில் விலகுகிறபோது எல்லாக் கோலிகளும் போய் உட்கார வேண்டிய குழிகள் காலியாக இருக்க வேண்டும்.

தள்ளும் விதியில்தான் ஆட்டத்தின் உயிரே இருக்கிறது. ஒரே கோட்டில் முட்டி நிற்கும்போது உங்கள் பக்கம் எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் தள்ளலாம். இரண்டு பேர் சேர்ந்து ஒருவரைத் தள்ளலாம். மூன்று பேர் ஒருவரையோ இருவரையோ தள்ளலாம். சம எண்ணிக்கையில் நின்றால் யாரும் யாரையும் அசைக்க முடியாது. தள்ளப்படும் கோலிக்குப் பின்னால் காலிக் குழியோ பலகையின் ஓரமோ இருக்க வேண்டும். அங்கே உங்களுடைய கோலியே நின்றாலும் தள்ள முடியாது.

புதிதாக ஆடுபவர்கள் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். எண்ணிக்கை பலம் என்றதும் பலகையில் மொத்தம் யாரிடம் அதிகம் இருக்கிறது என்று எண்ணத் தொடங்குகிறார்கள். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. தள்ளுகிற கோட்டில் எத்தனை என்பது மட்டுமே கணக்கு, அதிலும் மூன்றுக்கு மேல் செல்லாது. உங்களுடைய நான்கு கோலிகள் வரிசையாக நின்று எதிரியின் மூன்றை முட்டினாலும் தள்ள முடியாது, ஏனென்றால் ஒரே முறையில் நான்கை நகர்த்த அனுமதி இல்லை. ஒரு கோட்டில் மூன்று பேர் ஒட்டி நின்றால் அந்தக் கோட்டில் அவர்களை யாரும் அசைக்க முடியாது என்று இதற்குப் பொருள். நான்கு கோலி பின்தங்கிவிட்டவர் திருப்பித் தாக்க இந்த ஒரு விதி இடம் கொடுக்கிறது. அபலோனில் எனக்கு மிகவும் பிடித்த விதியும் இதுதான்.

ஒரு நிலையை எடுத்துப் பார்ப்போம். பலகையின் நடு வரிசைதான் மிக நீளமானது. அதில் ஒன்பது குழிகள். இடமிருந்து வலமாக 1 முதல் 9 வரை எண் கொடுத்துக்கொள்ளுங்கள். 4, 5, 6 ஆகிய குழிகளில் கருப்பு. 7, 8-இல் வெள்ளை. 9 காலி. மற்ற கோலிகள் எல்லாம் தள்ளி எங்கோ இருக்கின்றன, இரண்டு வெள்ளையைத் தவிர. நடு வரிசைக்குக் கீழே, 6-ஆம் குழியை நோக்கி வரும் ஒரு சாய்கோட்டில் அந்த இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. 6-க்கு அப்பால், அதே சாய்கோட்டில் மேலே உள்ள குழி காலி.

கருப்பின் முறை. மூன்று பேர், இரண்டு பேர் என்பதால் தள்ளலாம். கருப்பு 5, 6, 7-க்கு வருகிறது. வெள்ளை 8, 9-க்குப் போகிறது. ஒன்பதாம் குழி பலகையின் மூலை. கருப்புக்கு இன்னொரு முறை கிடைத்தால் மூலையில் நிற்கும் வெள்ளை வெளியே விழும்.

இப்போது வெள்ளை என்ன செய்யும்? தப்பி ஓடுவது ஒரு வழி. 8, 9 இரண்டையும் சேர்த்துப் பக்கவாட்டில் மேல் வரிசைக்கு நகர்த்திவிடலாம். உடனடி ஆபத்து தீர்ந்தது. ஆனால் ஓரத்திலிருந்து விலகவில்லை. அந்த இரண்டில் ஒன்று இப்போதும் ஓரக் குழியில்தான் நிற்கிறது, வேறு ஒரு கோட்டில் கருப்பு மறுபடி துரத்தும். ஒரு முறையைச் செலவழித்து, ஒரு முறையளவு ஆயுளை மட்டும் வாங்கியிருக்கிறது.

அனுபவசாலி வேறு பக்கம் பார்ப்பார். கீழே சாய்கோட்டில் நிற்கும் அந்த இரண்டு வெள்ளையும் 6-இல் இருக்கும் கருப்பை முட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கோட்டில் கருப்பு ஒன்றே ஒன்றுதான், இருவர், ஒருவர். தள்ளுகிறார். 6-இல் இருந்த கருப்பு மேலே போய்விட்டது, அந்த இடத்தில் வெள்ளை உட்கார்ந்துவிட்டது. நடு வரிசையை இப்போது பாருங்கள்: 5-இல் கருப்பு, 6-இல் வெள்ளை, 7-இல் கருப்பு, 8, 9-இல் வெள்ளை. மிரட்டிக்கொண்டிருந்த மூவர் அணி உடைந்துவிட்டது. 7-இல் தனியாக மாட்டிக்கொண்ட கருப்பு எதையும் தள்ள முடியாது. வெள்ளையாலும் 8, 9-ஐக் கொண்டு அதை இடப்பக்கம் தள்ள முடியாது, 6-இல் நிற்பது தன் கோலி என்பதால். ஆனால் 6-இல் இருப்பது விலகியதும் அந்த வழியும் திறக்கும். ஒரே நகர்வில் துரத்தப்பட்டவர் துரத்துபவராகிவிட்டார்.

அறுகோணக் குழிகளில் ஒவ்வொரு கோலிக்கும் மூன்று கோடுகள் உண்டு. ஒரு கோட்டில் பலமாக நிற்கும் கோலி மற்ற இரண்டு கோடுகளில் தனியாள். மூன்று பேராக நீட்டி நின்று தாக்குகிற அணி பக்கவாட்டில் மெலிந்துதான் இருக்கும். அதனால் தள்ளும் முன் எதிரில் நிற்பதை மட்டும் எண்ணினால் போதாது. என் மூவரில் ஒவ்வொருவரையும் பக்கத்துச் சாய்கோடுகளில் யார் முட்டுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன நிலையில் கருப்பு தள்ளியது பிழையில்லை. பக்கத்தைப் பார்க்காமல் தள்ளியதுதான் பிழை.

இடம் பற்றியும் சொல்ல வேண்டும். 61 குழிகளில் 24 ஓரத்தில் இருக்கின்றன. நடுவில் நிற்கும் கோலியை எந்தத் திசையில் ஒரு முறை தள்ளினாலும் அது பலகையிலேயே இருக்கும். ஓரத்தில் நிற்பதற்கு வெளியே விழ இரண்டு வழிகள் உண்டு. மூலையில் நிற்பதற்கோ அதை ஒட்டியிருக்கும் குழிகளே மூன்றுதான், அந்த மூன்றிலிருந்தும் வெளியே தள்ளலாம். ஆகவே நல்ல ஆட்டக்காரர்கள் கோலியை வெளியேற்றுவதை முதல் வேலையாக வைத்துக்கொள்வதில்லை. நடுவில் கூட்டமாகப் போய் உட்காருகிறார்கள். நடுவைப் பிடித்தவரைச் சுற்றித்தான் மற்றவர் போக வேண்டும். சுற்றிப் போகும்போது அவர் அணி இரண்டாகப் பிரியும், ஓரத்தை ஒட்டியும் நடக்கும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அய்ஷ்ஹோல்ட்சர், ஔரன்ஹாமர், வெர்னர் மூவரும் 2002-இல் இந்த ஆட்டத்துக்கான கணினி நிரல் பற்றி எழுதினார்கள். ஒரு நிலை நல்லதா கெட்டதா என்று அந்த நிரல் மதிப்பிட்டதிலும் கோலிகள் எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு நடுவில் திரண்டிருக்கின்றன என்ற அளவுதான் அடிப்படையாக இருந்தது.

இந்த நல்ல உத்தியே ஆட்டத்தின் பெரிய குறைக்கும் காரணமானது. பெட்டியோடு வரும் தொடக்க நிலையில் இருவரும் எதிரெதிர் ஓரங்களில் நிற்கிறார்கள்: கடைசி வரிசையில் ஐந்து, அடுத்ததில் ஆறு, அதற்கடுத்து நடுவில் மூன்று. இரண்டு படைகளுக்கும் இடையில் மூன்று வரிசைகள் முழுக்கக் காலி. இருவரும் நடுவை நோக்கி வருகிறார்கள், இறுக்கமாகத் திரள்கிறார்கள், பிறகு? முதலில் கோட்டை நீட்டித் தாக்குபவருக்குப் பக்கத்தில் அடி விழும். அதனால் தாக்காமல் இருப்பதே பாதுகாப்பு. ஒரு கோலியை இங்கும் அங்குமாக நகர்த்திக்கொண்டே எவ்வளவு நேரமும் காத்திருக்கலாம். தாக்கியே தீர வேண்டும் என்று விதி சொல்லவில்லை. சமமான திறமையுள்ள இரண்டு பேர் பொறுமையாக ஆடினால் ஒரு கோலிகூட விழாமல் மாலை முடிந்துவிடும். அபலோனை ஒரு மாதம் ஆடிவிட்டுப் பரணில் போட்டவர்கள் பெரும்பாலும் இந்தச் சுவரில் முட்டியவர்கள்தான் என்பது என் கணிப்பு.

இதற்கான தீர்வை ஆர்வமுள்ள ஆட்டக்காரர்களே கண்டுபிடித்தார்கள். விதிகளில் கைவைக்காமல் தொடக்க நிலையை மட்டும் மாற்றினார்கள். அதிகம் வழக்கத்தில் இருப்பதன் பெயர் பெல்ஜியன் டெய்சி. ஒருவருடைய 14 கோலிகளும் ஏழு ஏழாக இரண்டு பூக்களாகின்றன. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு இதழ்கள். வெள்ளைப் பூ ஒன்று கீழே இடப்பக்கம், மற்றொன்று மேலே வலப்பக்கம். கருப்புப் பூக்கள் கீழே வலப்பக்கமும் மேலே இடப்பக்கமும். கீழேயுள்ள வெள்ளைப் பூவும் கருப்புப் பூவும் தொடக்கத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கின்றன. இரண்டாம் வரிசையில் மூன்று வெள்ளைக்கு எதிரே மூன்று கருப்பு, சரிசமம். மேலேயும் அப்படியே. இருவருடைய படையும் ஏற்கெனவே இரண்டாகப் பிளந்திருப்பதால் திரண்டு உட்கார்ந்து காத்திருக்க வழியில்லை. தன் இரண்டு பூக்களையும் நடுவில் சேர்க்க வேண்டும், எதிரி சேர்வதைத் தடுக்கவும் வேண்டும். லண்டனில் நடக்கும் மைண்ட் ஸ்போர்ட்ஸ் ஒலிம்பியாட் போட்டிகளிலும் இந்தத் தொடக்கம் ஆடப்பட்டிருக்கிறது.

ஆடிப் பார்க்கப் பெட்டி வாங்க வேண்டும் என்பதில்லை. ஒரு பெரிய தாளில் 5, 6, 7, 8, 9, 8, 7, 6, 5 என்று ஒன்பது வரிசைகளாக வட்டங்கள் போடுங்கள். ஒவ்வொரு வரிசையையும் முந்தையதிலிருந்து அரை வட்டம் தள்ளிப் போட்டால் அறுகோணம் தானே வரும். புளியங்கொட்டை 14, சோழி 14 போதும். கோலிகளைப் போல உருண்டு விலகாது என்பதால் ஒவ்வொன்றாகக் கையால் நகர்த்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான். முதல் ஆட்டத்தையே டெய்சி தொடக்கத்தில் ஆடுங்கள். பெட்டியில் அச்சிட்ட நிலையில் தொடங்கி, சலித்துப்போய் விட்டுவிடாதீர்கள்.