இரத்த தான போஸ்டர்: எடை வரியில் தடுக்கி நிற்பவர்கள்

இரத்த தான முகாம் போஸ்டரில் பாதி இடத்தைத் தலைவர்களின் படங்களே பிடித்துக்கொள்கின்றன. மிச்ச இடத்தில் ஒரு முழக்கமும் பெரிய சொட்டுப் படமும். ‘நான் கொடுக்கலாமா?’ என்று தேடுகிறவருக்கான வரி அடியில், பொடி எழுத்தில் கிடக்கும். அதுவும் பல நேரம் தப்பாக இருக்கும்.

தகுதி வரி

‘18 முதல் 60 வயது, குறைந்தது 50 கிலோ’ என்று பல போஸ்டர்களில் பார்க்கலாம். இந்திய விதிப்படி 350 மில்லி எடுக்க 45 கிலோ எடை போதும். 450 மில்லி எடுப்பதானால்தான் 55 கிலோ வேண்டும். வயது வரம்பு 65. முதல்முறை கொடுப்பவர் மட்டும் 60-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. ஆக, 47 கிலோ எடையுள்ள கல்லூரி மாணவியும், வழக்கமாகக் கொடுத்துவரும் 62 வயதுக்காரரும் போஸ்டரைப் படித்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

இடைவெளி விஷயத்திலும் குழப்பம் உண்டு. ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள். ‘மூன்று மாதம்’ என்று பொதுவாகப் போட்டால் பெண்கள் வந்து திரும்பிப் போக நேரும். முகாம் 14.06.2026 என்றால் கணக்கை நாமே போட்டுக் கொடுத்துவிடலாம்: ‘மார்ச் 16-க்குப் பிறகு கொடுத்த ஆண்களும், பிப்ரவரி 14-க்குப் பிறகு கொடுத்த பெண்களும் அடுத்த முகாமுக்கு வாருங்கள்.’

ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும் என்பதைப் போஸ்டரில் போட வேண்டியதில்லை. அதை அங்கேயே விரலில் குத்திப் பார்த்துவிடுவார்கள். பச்சை குத்தி ஒரு வருடம் ஆகாதவர்கள் கொடுக்க முடியாது என்பதை அவசியம் போடலாம். ‘சாப்பிட்டுவிட்டு வாருங்கள்’ என்பதையும் தடித்த எழுத்தில் போடுங்கள். சர்க்கரைப் பரிசோதனை மாதிரி நினைத்து வெறும் வயிற்றோடு வந்து மயங்கி விழுகிறவர்கள் உண்டு.

தேதியும் நேரமும்

போன வருடப் போஸ்டரைத் திருத்தும்போது தேதி மாறும், கிழமை மாறாது. 2025-இல் ஜூன் 14 சனிக்கிழமை, 2026-இல் ஞாயிறு. அச்சுக்குப் போகுமுன் காலண்டரை ஒரு தடவை பாருங்கள்.

‘காலை 9 முதல் 1 வரை’ என்று மட்டும் போட்டால் 12.55-க்கு நாலு பேர் வந்து நிற்பார்கள். படிவம் நிரப்பி, பரிசோதனை முடித்து, இரத்தம் கொடுத்து, கொஞ்சம் ஓய்வெடுத்துக் கிளம்ப அரை மணிக்கு மேலாகும். ‘பதிவு 12.15 வரை’ என்று தனி வரி போடுங்கள்.

யாரைக் கூப்பிடுவது?

ஐந்து நிர்வாகிகளின் எண்களைப் போடுவதைவிட, போனை எடுக்கும் இருவரின் எண்கள் போதும். பக்கத்தில் பெயரும், கூப்பிட வேண்டிய நேரமும் இருக்கட்டும். இரத்தம் எடுக்க வரும் உரிமம் பெற்ற இரத்த மையத்தின் பெயரும் கட்டாயம் வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்களின் சந்தேகத்துக்கு அங்குள்ள மருத்துவர்தான் பதில் சொல்ல முடியும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது எண்களைப் படத்துக்குக் கீழே தனியாகத் தட்டச்சு செய்துவிடுங்கள். படத்துக்குள் இருக்கும் எண்ணைப் பெரியவர்கள் துண்டுச்சீட்டில் எழுதிவைத்துத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.