பில் குறைகிறது, மிச்சமும் குறைகிறது

போன வருஷம் மே மாதம் 69,900 யூனிட், இந்த வருஷம் மே மாதம் 68,000 யூனிட். பழைய விளக்குகளை மாற்றி, ஏசி இயந்திரங்களைச் சர்வீஸ் செய்ததில் 1,900 யூனிட் மிச்சம் என்று மேலாளர் சொல்கிறார். இந்த மே போன மேயைவிட ஒரு டிகிரி கூடுதலாகக் காய்ந்திருந்தால்? அப்போது உண்மையான மிச்சம் 1,900ஐவிட அதிகம். ஆனால் எவ்வளவு அதிகம் என்பதை இரண்டு பில்களை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

அதற்கு வெயிலையும் எண்ணாக்க வேண்டும். ஒரு நாளின் உச்ச வெப்பநிலை 38, குறைந்தது 28 என்றால் சராசரி 33. கட்டடத்துக்கு ஏசி தேவைப்படத் தொடங்குவது 22 டிகிரியில் என்று வைத்துக்கொண்டால், அன்றைய கணக்கு 11 டிகிரி-நாள். சராசரி 22க்குக் கீழே போனால் பூஜ்யம். ஒரு மாதத்து நாள்களையெல்லாம் கூட்டினால் அந்த மாதத்து வெயிலின் சுமை ஒரே எண்ணாகக் கிடைத்துவிடும். உள்ளே 24 வைத்திருக்கும்போது 22 ஏன் என்று கேட்கலாம். ஆட்கள், கணினிகள், ஜன்னல் வழியே வரும் வெயில் எல்லாம் சேர்ந்து உள்ளே சூடேற்றுவதால், வெளியே 22 இருக்கும்போதே ஏசி வேலை செய்தாக வேண்டும். இந்த எண் கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். 18 முதல் 26 வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, நன்றாகப் பொருந்துவதை எடுத்துக்கொள்வார்கள். பிரிட்டனில் சூடேற்றும் கணக்குக்குப் பயன்படும் 15.5ஐ அப்படியே சென்னைக்குக் கொண்டுவர முடியாது.

இனி, மாற்றங்களைச் செய்வதற்கு முந்தைய 12 மாதங்களின் டிகிரி-நாள்களை எக்ஸெல்லில் ஒரு பத்தியிலும், யூனிட்டுகளை அடுத்த பத்தியிலும் போடுங்கள்.

```
=SLOPE(C2:C13,B2:B13)
=INTERCEPT(C2:C13,B2:B13)
```

விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட இந்தக் கட்டடத்துக்கு முதல் விடை 90, இரண்டாவது 42,000. அதாவது விளக்கு, லிஃப்ட், கணினி என்று வெயிலோடு சம்பந்தமில்லாமல் மாதம் 42,000 யூனிட் போகிறது. அதன்மேல் ஒவ்வொரு டிகிரி-நாளுக்கும் 90 யூனிட். இதுதான் அடிப்படைக் கோடு.

இந்த மே மாதத்தில் 341 டிகிரி-நாள். பழைய நிலையே நீடித்திருந்தால் 72,690 யூனிட் ஆகியிருக்கும். ஆனது 68,000. எனவே மிச்சம் 4,690. மேலாளர் தன் வேலையைத் தானே குறைத்துச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த மாதங்களில் பில் 64,500, 62,600, 59,800, 59,600, 59,200 என்று இறங்கிக்கொண்டே வருகிறது. அக்டோபர் பில்லைப் பார்த்து யாரும் கவலைப்படப் போவதில்லை. ஆனால் கோட்டிலிருந்து கழித்துப் பார்த்தால் ஆகஸ்ட் வரை மாதம் 4,500 அளவில் இருந்த மிச்சம், செப்டம்பரில் 2,650, அக்டோபரில் 2,330 என்று விழுந்துவிட்டது. வெயில் தணிந்ததால்தான் பில் இறங்கியது. கட்டடம் கெட்டுப்போனதை அந்த இறக்கம் மறைத்துவிட்டது.

மாதாமாத மிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போய் வரைபடம் போட்டால் இது கண்ணில் படும். 4,690, 9,190, 13,700, 18,220 என்று நேராக ஏறிய கோடு, செப்டம்பரில் 20,870, அக்டோபரில் 23,200 என்று மடங்கிச் சாய்கிறது. மடங்கிய இடம்தான் தேட வேண்டிய தேதி.

எதைத் தேடுவது என்பதற்கும் குறிப்பு உண்டு. இழப்பு வெயில் கூடும் மாதங்களில் கூடினால் 90 என்ற எண் ஏறியிருக்கிறது என்று பொருள். ஏசியின் கண்டென்சரில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். எல்லா மாதமும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால், வெயிலோடு தொடர்பில்லாத ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே இழப்பு மாதம் சுமார் 2,000 யூனிட். இரண்டு மாதத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இராத்திரி ஒரு சுற்று போய்ப் பார்க்க அது போதும். குளிர்காற்றைத் தள்ளும் 7.5 கிலோவாட் விசிறி ஒன்று, டைமரை யாரோ மேனுவலில் போட்டுவிட்டதால் இரவு 9 முதல் காலை 6 வரை வெறுமனே ஓடுகிறது. ஒன்பது மணி நேரம், முப்பது நாள்: 2,025 யூனிட்.

இந்தக் கணக்கு வழுக்கும் இடங்களும் உண்டு. மீட்டர் 25ஆம் தேதி எடுக்கப்படுகிறது என்றால், டிகிரி-நாள்களையும் 25லிருந்து 25 வரைதான் கூட்ட வேண்டும். பலர் மாத முதல் தேதியிலிருந்து கூட்டிவிட்டு, கோடு பொருந்தவில்லை என்பார்கள். டிகிரி-நாளுக்குப் புழுக்கம் தெரியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரத்தைப் பிழிந்தெடுக்கவே ஏசிக்கு மின்சாரம் போகும், அந்த மாதப் புள்ளிகள் கோட்டுக்கு மேலே நிற்கும். அடிப்படை ஆண்டிலேயே புள்ளிகள் கோட்டிலிருந்து 1,500 யூனிட் அங்குமிங்கும் சிதறியிருந்தால், ஒரு மாதத்தில் 1,000 யூனிட் மிச்சம் என்று கொண்டாடக் கூடாது. ஊரடங்கு இருந்த 2020ஐ அடிப்படை ஆண்டாக வைத்தால், பிறகு எந்த ஆண்டும் நஷ்டமாகவே தெரியும்.

காலியாக இருந்த மாடிக்குப் புது வாடகைதாரர் வந்தாலும் பழைய கோடு செல்லாது. அந்த மாடிக்குத் தனி மீட்டர் இருந்தால் அதைக் கழித்துவிட்டுத் தொடரலாம். இல்லையென்றால் இன்னும் 12 மாதம் காத்திருந்து புதுக் கோடு போட வேண்டியதுதான்.